டர்பனில் சூரிய உதயம் தப்பாகக் காட்டும் பஞ்சாங்க ஆப்: மூன்று விமர்சனங்கள், ஒரே பிழை

இந்தப் பிழை ஒரு பஞ்சாங்க ஆப்பில் வந்தது. சென்னையில் இருக்கும் ஒரு சின்னக் குழு தயாரித்தது, நன்றாகவே செய்திருக்கிறார்கள். தென்னாப்பிரிக்காவின் டர்பனிலும் சாட்ஸ்வொர்த்திலும் எங்கள் கோயில் வட்டத்தில் பலர் அதைப் பார்த்துத்தான் ராகு காலம், எமகண்டம் கணக்குப் பார்க்கிறோம். டிசம்பரில் அதன் உதய நேரம் வெளியே இருக்கும் வெளிச்சத்தோடு ஒட்டவே இல்லை. அதைப் பற்றி மூன்று பேர் பிளே ஸ்டோரில் மூன்று விதமாக எழுதினார்கள். எந்த விமர்சனம் சரிசெய்ய உதவும், எது உதவாது என்பதை இந்த மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் தெரியும்.

முதல் விமர்சனம் இப்படி இருந்தது:

"ஒன்றுமே சரியில்லை. வெளிநாட்டில் இருப்பவர்களை மதிப்பதே இல்லை. நேரம் எல்லாம் தப்பு. இறக்க வேண்டாம்."

எழுதிய மாமியின் கோபம் நியாயமானது. ஆனால் இதை வாசிக்கும் நிரல் எழுதுநருக்கு எந்த ஊர், எந்த நாள், எந்தத் திரை என்று எதுவும் தெரியாது. அவர் தன் மேசையில் ஆப்பைத் திறந்து சென்னையைப் பார்ப்பார். எல்லாம் சரியாக இருக்கும். அத்தோடு அந்த விமர்சனம் மூடப்பட்டுவிடும். இதைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை.

இரண்டாவதுதான் கவனிக்க வேண்டியது, ஏனென்றால் அது பார்வைக்கு நல்ல விமர்சனம் போலவே இருக்கிறது:

"டர்பனில் சூரிய உதயம் இரண்டு மணி நேரம் தள்ளி வருகிறது. நேர மண்டலத்தைச் சரியாகக் கணக்கில் எடுக்கவில்லை. தென்னாப்பிரிக்கா உலக நேரத்துக்கு இரண்டு மணி முன்னால் இருக்கிறது. அதைச் சேருங்கள்."

ஊர் இருக்கிறது, எவ்வளவு தவறு என்று இருக்கிறது, காரணமும் இருக்கிறது. அந்தக் காரணம் மிகவும் பொருத்தமாகக்கூடத் தெரிகிறது. தென்னாப்பிரிக்க நேரம் உலக நேரத்தைவிட இரண்டு மணி முன்னால், பிழையும் இரண்டு மணி. எந்த நிரல் எழுதுநரும் இதை நம்பி நேர மண்டலப் பகுதியைத்தான் முதலில் திறப்பார். அங்கே எந்தத் தவறும் இருக்காது. நாள் கணக்கில் தேடிவிட்டு, "எங்களுக்கு இந்தப் பிழை வரவில்லை" என்று பதில் எழுதுவார். இங்கே இருப்பவருக்கோ தன்னை ஏமாற்றுகிறார்கள் என்று தோன்றும். இரண்டு பேரும் நேர்மையாகத்தான் நடந்துகொண்டார்கள். காரணத்தை ஊகித்த அந்த ஒரு வாக்கியம்தான் தேடலைத் தப்பான அறைக்குள் அனுப்பிவிட்டது.

மூன்றாவது விமர்சனத்தில் ஊகமே இல்லை:

"ஊர்ப் பட்டியலில் டர்பனைத் தேர்ந்தெடுத்தால் உதயமும் அஸ்தமனமும் தவறு. ஜிபிஎஸ் போட்டால் சரி.
செய்தது: அமைப்புகள், ஊர், டர்பன். பிறகு நாட்காட்டியில் 22-12-2025.
காட்டியது: உதயம் காலை 6:48, அஸ்தமனம் மாலை 5:01, ராகு காலம் 8:05–9:21.
வர வேண்டியது: 4:52, 6:56, 6:38–8:23.
கேப் டவுன், போர்ட் லூயிஸ் ஊர்களிலும் தவறு. சென்னை, சிங்கப்பூர் சரி.
செப்டம்பர் 22 பார்த்தால் தெரியாது. டிசம்பர் அல்லது ஜூனில் பாருங்கள்.
பதிப்பு 4.2, ஆண்ட்ராய்டு 14."

இதில் முதலில் பார்க்க வேண்டியது அஸ்தமன நேரம். மற்ற இருவரும் அதை எழுதவே இல்லை. நேர மண்டலம் தவறியிருந்தால் உதயமும் அஸ்தமனமும் ஒரே பக்கமாக, ஒரே அளவு நகர்ந்திருக்கும். உதயம் இரண்டு மணி தள்ளிப் போனால் அஸ்தமனமும் இரண்டு மணி தள்ளிப் போக வேண்டும். இங்கே அப்படி இல்லை. உதயம் ஏறக்குறைய இரண்டு மணி தாமதம், அஸ்தமனம் ஏறக்குறைய இரண்டு மணி முன்கூட்டியே. நடுப்பகல் மட்டும் அசையாமல் அதே இடத்தில் நிற்கிறது. பகல் 14 மணி நேரம் நீள வேண்டிய நாளில் ஆப் 10 மணி நேரப் பகலைக் காட்டுகிறது. அதாவது நம் கோடைகாலத்தை அது குளிர்காலம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறது.

துறையில் இருப்பவருக்கு இந்த இடத்திலேயே விஷயம் புரிந்துவிடும். டர்பன் நிலநடுக்கோட்டுக்குத் தெற்கே ஏறக்குறைய 29.86 பாகையில் இருக்கிறது. தெற்கு அட்சரேகையைக் கணினியில் கழித்தல் குறியோடு எழுதுவார்கள். ஊர்ப் பட்டியலைத் தட்டச்சு செய்தபோது அந்தக் கழித்தல் குறி விட்டுப்போயிருக்கிறது. ஆகவே ஆப் வடக்கே 29.86 பாகையில் இருக்கும் ஓர் ஊருக்குக் கணக்குப் போடுகிறது. அங்கே டிசம்பர் குளிர்காலம்தானே. ஜிபிஎஸ் வைத்தால் கைப்பேசியே கழித்தல் குறியோடு அட்சரேகையைத் தந்துவிடும், அதனால் அப்போது எல்லாம் சரியாக வருகிறது. கேப் டவுனும் மொரீஷியஸின் போர்ட் லூயிஸும் தெற்கே இருப்பதால் தவறுகின்றன. சிங்கப்பூர் நிலநடுக்கோட்டுக்கு வடக்கே, ஒரு பாகைக்குச் சற்று மேல். சென்னை 13 பாகை வடக்கு. இரண்டிலும் கழித்தல் குறிக்கு வேலையே இல்லை. எழுதியவர் இந்தக் காரணம் எதையும் சொல்லவில்லை, சொல்லத் தேவையும் இல்லை. எந்த ஊரில் வருகிறது, எதில் வரவில்லை என்ற அந்த ஒரு வரியிலேயே எல்லாம் அடங்கிவிட்டது.

அடுத்தது தேதி. என் பார்வையில் மூன்றாவது விமர்சனத்தின் உயிரே அதில்தான் இருக்கிறது. செப்டம்பர் 22 ஒட்டிச் சூரியன் நிலநடுக்கோட்டுக்கு நேரே வருகிறது. அன்று வடக்கே 30 பாகையிலும் தெற்கே 30 பாகையிலும் பகல் ஏறக்குறைய ஒரே நீளம். கழித்தல் குறி இருந்தாலும் இல்லாவிட்டாலும் விடை ஒன்றுதான். மார்ச் 20 வாக்கிலும் அப்படியே. புரட்டாசி பிறந்த முதல் வாரத்தில் டர்பனில் யாரும் இந்த ஆப்பில் குறை கண்டுபிடிக்க முடியாது, மிஞ்சிப் போனால் பத்து நிமிட வித்தியாசம் இருக்கும். புரட்டாசி முடியும்போது அது முக்கால் மணி நேரமாகிவிடும். டிசம்பர் கடைசியில் இரண்டு மணி. ஜூனில் மறுபடியும் இரண்டு மணி, ஆனால் திசை மாறிவிடும்: உண்மையான உதயம் 6:51, ஆப் 4:56 என்று சொல்லும்.

இப்போது சென்னையில் இருப்பவரின் நிலையை யோசித்துப் பாருங்கள். ஜூனில் ஒருவர் "உதயம் சீக்கிரம் காட்டுகிறது" என்று எழுதுகிறார். டிசம்பரில் இன்னொருவர் "தாமதமாகக் காட்டுகிறது" என்கிறார். செப்டம்பரில் அவர் டர்பனைப் போட்டுப் பார்க்கிறார், சரியாக இருக்கிறது. பயன்படுத்துபவர்கள்தான் ஏதோ குழப்பிக்கொள்கிறார்கள் என்ற முடிவுக்குத்தான் அவர் வருவார். "22-12-2025" என்ற எட்டு இலக்கம் இருந்திருந்தால் இந்தக் குழப்பம் வந்திருக்காது. நேரத்தோடு சம்பந்தப்பட்ட எந்தப் பிழையிலும் எழுதிய நாள் வேறு, பிழை தெரிந்த நாள் வேறு. விமர்சனத்தின் மேல் ஸ்டோர் போடும் தேதி எழுதிய நாளை மட்டுமே சொல்லும்.

"வர வேண்டியது" என்ற வரியை எங்கிருந்து எடுப்பது என்று கேட்கலாம். இன்னொரு பஞ்சாங்க ஆப்பிலிருந்து எடுக்காதீர்கள். பஞ்சாங்கங்களுக்குள் திருக்கணிதம், வாக்கியம் என்று கணக்கு வேறுபடும், வாதம் அந்தப் பக்கம் ஓடிவிடும். கைப்பேசியின் வானிலைப் பக்கத்தில் இருக்கும் உதய அஸ்தமன நேரமே போதும். ஒன்றிரண்டு நிமிடம் முன்பின் இருந்தால் பரவாயில்லை. ராகு காலத்தை அதிலிருந்து நாமே போடலாம்: பகலை எட்டாகப் பிரித்தால் திங்கட்கிழமைக்கு இரண்டாவது பங்கு. 22-12-2025 திங்கள். 14 மணி 4 நிமிடத்தில் எட்டில் ஒன்று ஒரு மணி 45 நிமிடம் சொச்சம். 4:52-உடன் அதைக் கூட்டினால் 6:38. தவறு எவ்வளவு பெரியது என்பதும் இதில் தெரிகிறது. ஆப்பை நம்பியவர் காலை ஏழரை மணிக்கு நல்ல காரியத்தைத் தொடங்கியிருப்பார், அது நடு ராகு காலம். இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளும் குடும்பங்கள் இங்கே நிறைய உண்டு. அதனால்தான் இந்தப் பிழையை யாராவது தெளிவாக எழுதியே தீர வேண்டும் என்று நினைத்தேன்.

சரி, எந்த ஸ்டோரில் எழுதுவது? ஆண்ட்ராய்டு, ஐபோன் இரண்டும் வீட்டில் இருந்தால் இந்தப் பிழைக்கு எது மேல்? பிளே ஸ்டோர் 500 எழுத்துதான் தரும். ஆனால் பல சமயம் கைப்பேசி மாடல், ஆண்ட்ராய்டு பதிப்பு, ஆப் பதிப்பு ஆகியவற்றை அது தானாகவே நிரல் எழுதுநருக்குக் காட்டிவிடும். இடம் போதாவிட்டால் மூன்றாவது விமர்சனத்தின் கடைசி வரியைத்தான் முதலில் வெட்ட வேண்டும். தேதியையும் எண்களையும் தொடவே கூடாது. ஆப்பிளின் ஸ்டோரில் எழுத இடம் தாராளம். ஆனால் உங்கள் கைப்பேசி எது என்பது அங்கே விமர்சனத்தோடு போகாது. நீங்களே எழுதினால்தான் உண்டு. இரண்டிலும் படம் இணைக்க முடியாது. ஆகவே திரையில் தெரிந்த எண்களை அப்படியே தட்டச்சு செய்ய வேண்டியதுதான், "தப்பான நேரம்" என்று சுருக்கக் கூடாது.

மொழியைப் பற்றி இங்கே பலர் தயங்குகிறார்கள். தமிழில் எழுதச் சிரமமாக இருந்தால் ஆங்கிலத்திலேயே எழுதுங்கள். 6:48, 4:52 என்பவை எந்த மொழிபெயர்ப்பிலும் மாறாது.

மின்னஞ்சல் மூன்றாவது வழி. ஸ்டோர் பக்கத்திலேயே முகவரி இருக்கும். படம் அனுப்பலாம், அவர்கள் திருப்பிக் கேட்கலாம். இருந்தாலும் இந்த மாதிரிப் பிழைக்கு நான் பொது விமர்சனத்தையே முதலில் வைப்பேன். பீட்டர்மாரிட்ஸ்பர்க்கிலோ மொரீஷியஸிலோ இருப்பவர் அதைப் படித்துவிட்டு "ஜிபிஎஸ் போட்டால் சரி" என்ற வரியைப் பிடித்துக்கொண்டு அன்றைக்கே தப்பித்துவிடலாம். மின்னஞ்சலில் அந்தப் பயன் இல்லை. சொந்த விவரம் கலந்த பிழை, அதாவது ஜாதகம், பிறந்த நேரம் மாதிரியானவை என்றால் மட்டும் மின்னஞ்சலுக்குப் போங்கள்.

பிளே ஸ்டோரில் அவர்கள் பதில் எழுத 350 எழுத்துதான் உண்டு, அதனால் பதில் வறட்சியாக இருந்தால் வருந்த வேண்டாம். "அடுத்த பதிப்பில் சரிசெய்துவிட்டோம்" என்று வந்தால், புதுப்பித்த பிறகு அதே டர்பன், அதே 22-12-2025 போட்டுப் பாருங்கள். அப்புறம் ஜூன் 21-ஐயும் போட்டுப் பாருங்கள். அதோடு விடாமல் போர்ட் லூயிஸையும் பாருங்கள். டர்பன் சரியாகி போர்ட் லூயிஸ் இன்னும் தவறினால், அவர்கள் பட்டியலில் ஒரே ஒரு வரியைத் திருத்தியிருக்கிறார்கள், மற்ற தெற்கு ஊர்கள் அப்படியே கிடக்கின்றன. பழைய விமர்சனத்தைத் திறந்து, புதிய பதிப்பு எண்ணோடு அந்த ஊரின் பெயரையும் அது காட்டிய நேரங்களையும் அதிலேயே எழுதிவிடுங்கள். எல்லா ஊரும் சரியாகியிருந்தால் நட்சத்திரத்தையும் அங்கேயே ஏற்றிவிடலாம்.