30 ஓவரில் 150 ரன்: எந்தக் கணக்கை நம்பலாம்?

ஒருநாள் ஆட்டம், 30 ஓவர் முடிந்து 150 ரன். கடைசியில் எவ்வளவு வரும்? டிவி திரையில் வருவது ரன் ரேட் கணக்கு, ஓவருக்கு 5, ஆகவே 250. 30 ஓவர் ஸ்கோரை அப்படியே இரட்டிப்பாக்கு என்பது பழைய ஆட்களின் கணக்கு, அதன்படி 300. இரண்டிலுமே பெரிய ஓட்டை ஒன்று இருக்கிறது: 2 விக்கெட் போனாலும் 5 விக்கெட் போனாலும் ஒரே விடைதான்.

மூன்றாவது வழி டக்வொர்த்-லூயிஸ் அட்டவணை. மழைக்காக வந்தது என்றாலும் எனக்கு இதுதான் பிடிக்கும். 20 ஓவர் பாக்கி, 2 விக்கெட் போயிருந்தால், அணியின் மொத்த பலத்தில் 52.4 சதவீதம் இன்னும் கையில் இருக்கிறது என்கிறது அதன் பழைய பதிப்பு. 5 விக்கெட் போயிருந்தால் 38.6தான். அதாவது 2 விக்கெட் இழந்த அணி 47.6 சதவீதத்தைச் செலவழித்து 150 எடுத்திருக்கிறது, அதே வேகத்தில் போனால் 315. 5 விக்கெட் இழந்த அணிக்கு 244. கடைசி நேர அடி அந்தச் சதவீதத்துக்குள்ளேயே அடங்கிவிடுகிறது, தனியாகக் கூட்ட வேண்டாம்.

ஆனால் இதை 10 ஓவரிலேயே போட்டால் கை சுடும். 2023 உலகக் கோப்பை இறுதி, அகமதாபாத்: 10 ஓவரில் இந்தியா 80/2. ரன் ரேட் கணக்கில் 400. அட்டவணைப்படி பாக்கி 77.8 சதவீதம், அதாவது செலவழித்தது 22.2, அதை வைத்துப் பெருக்கினால் 360. வந்தது 240. பவர்பிளேயில் வட்டத்துக்கு வெளியே இரண்டே ஃபீல்டர்கள், அந்த வேகத்தை மீதி 40 ஓவருக்கும் நீட்டியதுதான் தப்பு. அதனால் தொடக்கத்தில் நான் பெருக்குவதில்லை, கூட்டுகிறேன்: அந்த மைதானத்தில் சாதாரணமாக 250 வரும் என்று வைத்துக்கொண்டால், அதில் 77.8 சதவீதம் 194, எடுத்த 80-ஐச் சேர்த்தால் 274. இதுவும் அதிகம்தான், ஆனால் 400-ஐவிட எவ்வளவோ பரவாயில்லை. பிட்ச் மெதுவாக இருக்கிறது என்று பார்த்த உடனே அந்த 250-ஐக் குறைத்திருந்தால் இன்னும் நெருங்கியிருக்கும்.

30 ஓவர் தாண்டினால் இரண்டையும் போட்டு நடுவில் ஒரு எண்ணை எடுப்பேன். மேலே சொன்ன 150/2 அணிக்கு, அதே 250-ஐ வைத்துக் கூட்டல் 281, பெருக்கல் 315, சரி, 300-ஐ ஒட்டி வரும். இரட்டிப்புக் கணக்கு ஏன் இத்தனை காலம் ஓடியது என்பதும் இதிலேயே தெரிகிறது, விக்கெட் கையில் இருக்கும் அணிக்கு மட்டும் அது சரியாக வரும். 150/5-க்கோ கூட்டினாலும் பெருக்கினாலும் 245 பக்கம்தான்.

எல்லாவற்றையும் உடைத்த ஆட்டம் ஒன்று உண்டு. 2015 ஜனவரி, ஜோகன்னஸ்பர்க். வெஸ்ட் இண்டீஸுக்கு எதிராக 38.3 ஓவரில் தென்னாப்பிரிக்கா 247/1, ரன் ரேட்படி 321, அட்டவணையை வைத்துப் பெருக்கினால் 380 சுமார். அப்போது இறங்கிய டி வில்லியர்ஸ் 31 பந்தில் சதம் அடித்தார், முடிவு 439/2. ஒரே விக்கெட் போயிருக்கும்போது அடுத்து யார் பேடு கட்டி உட்கார்ந்திருக்கிறார் என்பது எந்த அட்டவணையிலும் கிடையாது, அதை நாம்தான் சேர்த்துக்கொள்ள வேண்டும்.