அடைபட்ட ராசி: பிளாசிடஸிலேயே படிப்பதா, முழு ராசி முறைக்கு மாறுவதா?

லண்டனில் பிறந்த ஒருவரின் சாயன ஜாதகம், லக்னம் மேஷம் 1 பாகை என்று வைத்துக்கொள்வோம். பாவங்கள் சமமில்லாமல் பிரியும் பிளாசிடஸ் முறையில் 4, 5-ஆம் பாவங்களின் தொடக்க முனைகள் இரண்டும் கடகத்தில் விழும், 5-ஆம் முனை ஏறக்குறைய 18 பாகை. 6-ஆம் முனை சிம்மம் 13 பாகைக்குப் பக்கத்தில், 7 துலாத்தில். நடுவில் கன்னி முழுவதும் எந்த முனையும் இல்லாமல் 6-க்குள் அடைபட்டுவிடும், எதிரே மீனம் 12-க்குள்.

5-ஆம் பாவம்
பிளாசிடஸ்: அதிபதி சந்திரன், 4-க்கும் அவரே. அதனால் வீட்டு விஷயமும் குழந்தை விஷயமும் சேர்ந்தே அசையும்.
முழு ராசி: ஒரு ராசியே ஒரு பாவம், அதனால் 5 சிம்மம், அதிபதி சூரியன். அந்தப் பிணைப்பு இல்லை.

6-ஆம் பாவம்
பிளாசிடஸ்: முதலில் சூரியன், அப்புறம் துணை அதிபதியாகப் புதன். கன்னியில் கிரகம் இருந்தால் புதனுக்குக் கூடுதல் எடை கொடுங்கள். காலியாக இருந்தால் சூரியனே போதும். அடைபட்ட கிரகம் செயலிழந்தது என்று சிலர் சொல்வதை நான் ஏற்பதில்லை, அதற்கும் பாவம் உண்டு, பார்வைகள் உண்டு.
முழு ராசி: புதன் மட்டும், குழப்பமே இல்லை.

பிறந்த நேரம்
பிளாசிடஸ்: இங்கேதான் கவனம் வேண்டும். பிறந்த நேரத்தில் 4 நிமிடம் குறைத்தால் லக்னம் மீனத்துக்குப் போய்விடும், இப்போது அடைபடுவது மேஷமும் துலாமும், இரட்டை முனை தனுசிலும் மிதுனத்திலும்.
முழு ராசி: இதே 4 நிமிடத்தில் எல்லாப் பாவங்களும் ஒரு ராசி நகரும். ஆனால் லக்னம் ராசியின் நடுவில் இருந்தால் அசையாது.

நேரம் நிமிட சுத்தமாகத் தெரிந்து, பாவங்களுக்குள் உள்ள பிணைப்பைப் பார்க்க வேண்டுமென்றால் பிளாசிடஸ். நேரம் தோராயம், லக்னமும் ராசி நடுவில் என்றால் முழு ராசி.