புது பாத்ரூமில் ஆசிட் வாஷ்: காசும் கொடுத்து குழாயும் போன கதை

மடிப்பாக்கத்தில் ஒரு புது ஃபிளாட். பாத்ரூமில் டைல்ஸ் ஒட்டி, ஜாயின்ட்டுகளுக்கு கிரவுட் போட்டு மூன்று நாள்தான் ஆகியிருந்தது. டைல்ஸ் மேல் சாம்பல் பூத்தது போல சிமெண்ட் படலம். "ஆசிட் வாஷ் பண்ணா பளபளன்னு ஆயிடும் சார்" என்று கான்ட்ராக்டர் 2,500 ரூபாய் தனியாக வாங்கினார். வந்த ஆள் கேனில் இருந்த ஆசிட்டை தண்ணீர் கலக்காமல் அப்படியே ஊற்றி, கதவைச் சாத்திவிட்டு டீ குடிக்கப் போனார். அரை மணி நேரம் கழித்து வந்து நாலு மக் தண்ணீர் ஊற்றினார். வேலை முடிந்தது.

மறுநாள் டைல்ஸில் வெள்ளைப் படலம் திட்டுத்திட்டாகத் திரும்பியிருந்தது. கிரவுட்டைச் சாவியால் கீறினால் மணலாக உதிர்ந்தது. வால் மிக்ஸரிலும் ஹெல்த் ஃபாசெட்டிலும் பழுப்புப் புள்ளிகள், தண்ணீர் வடியும் ஜாலி முழுக்கத் துரு. கேட்டதற்கு "போர் தண்ணி சார், உப்பு" என்று பதில். நம்ப வேண்டாம். போர் தண்ணீர் உப்பு குரோம் மேல் வெள்ளையாகப் படியும். ஒரே ராத்திரியில் பழுப்பாகப் புள்ளி வைக்காது. ஆசிட் ஒரு சொட்டுகூடப் படாத, தலைக்கு மேலே இருக்கும் ஷவரிலும் அதே புள்ளிகள் இருந்தால், சந்தேகமே வேண்டாம், அது ஆசிட் ஆவி செய்த வேலை. கடையில் விற்கும் பாத்ரூம் ஆசிட் ஹைட்ரோகுளோரிக். மூடிய அறையில் அதன் புகை மட்டுமே குரோம் பூச்சையும் ஸ்டீலையும் அரித்துவிடும்.

கிரவுட்டும் சிமெண்ட்தான். ஆசிட்டுக்கு டைல்ஸ் மேல் இருக்கும் சிமெண்ட், ஜாயின்ட்டில் இருக்கும் சிமெண்ட் என்ற வித்தியாசம் தெரியாது. மூன்று நாளில் இன்னும் இறுகாத, முன்கூட்டியே நனைக்காததால் காய்ந்து கிடந்த ஜாயின்ட் ஆசிட்டை உறிஞ்சிக்கொண்டது. கரைந்த சிமெண்ட் சேற்றை அள்ளாமல் நாலு மக் தண்ணீரில் பரப்பிவிட்டதால், அது காய்ந்து மறுபடி படலமானது.

இந்த நிலையில் முதலில் பார்க்க வேண்டியது, இருப்பது படலமா, அரிப்பா என்று. டைல்ஸை நனையுங்கள். நனைந்ததும் மறைந்து காய்ந்ததும் திரும்பினால் பெரும்பாலும் படலம், எடுத்துவிடலாம். நனைந்த பிறகும் மங்கலாகவே இருந்தால் மேற்பூச்சு போயிருக்கலாம்; போயிருந்தால் எந்தக் கெமிக்கலும் மீட்காது. அந்த பாத்ரூமில் சாதா டைல்ஸ் எல்லாம் தப்பித்தன. தங்கக் கோடு போட்ட ஹைலைட்டர் வரிசை மட்டும் போய்விட்டது. இன்னொன்று: எப்பாக்ஸி கிரவுட்டின் படலம் ஆசிட்டுக்குக் கரையாது, அதற்குத் தனி கிளீனர் வேண்டும். மார்பிள், கடப்பா போன்ற கல் இருந்தால் ஆசிட் பக்கமே போகாதீர்கள்.

படலத்தை எடுக்க சல்ஃபாமிக் ஆசிட் பவுடர் போதும். அது ஹைட்ரோகுளோரிக் போலப் புகையாது. கிரவுட் போட்டு 10 நாளாவது ஆகியிருக்க வேண்டும். உதிர்கிற ஜாயின்ட்டை இப்போது தொட வேண்டாம், அது கடைசி வேலை. குழாய்களைத் துடைத்து, பிளாஸ்டிக் கவர் சுற்றி, டேப் போட்டு இறுக்குங்கள்; ஜாலியைக் கழற்றிவிடுங்கள். கையுறை, கண்ணாடி போட்டு, எக்ஸாஸ்ட் ஃபேன் ஓடட்டும். ஒரு லிட்டர் தண்ணீரில் 50 கிராம் பவுடர். தண்ணீரில்தான் பவுடரைப் போட வேண்டும்.

முதலில் ஜாயின்ட்டுகள் நன்றாக ஊறும்படி சாதா தண்ணீர் விட்டு, தேங்கியதைத் துடையுங்கள். தண்ணீர் குடித்த கிரவுட் ஆசிட்டைக் குடிக்காது. பிறகு கதவுக்குப் பின்னால் ஒரே ஒரு டைல்ஸில் சோதனை. சரியாக வந்தால் பத்து சதுர அடி அளவாக மட்டும் ஸ்பாஞ்சில் தடவி, மூன்று நிமிடம் விட்டு, வெள்ளை நைலான் பேடால் தேயுங்கள். பச்சை ஸ்கிரப்பர் கீறல் போடும். வருகிற சேற்றைத் துணியால் ஒற்றி பக்கெட்டில் பிழிய வேண்டும், தள்ளிவிடக் கூடாது. இரண்டு முறை கழுவி, ஒரு லிட்டருக்கு ஒரு மேசைக்கரண்டி சமையல் சோடா கலந்த தண்ணீரால் துடைத்து, மறுபடி கழுவி, உடனே உலர்ந்த துணியால் துடையுங்கள். தானாகக் காய விட்டால் நம்ம ஊர் போர் தண்ணீரே புதுப் படலம் போட்டுவிடும். பிளீச்சிங் பவுடர் அன்றைக்கு வீட்டுக்குள் வரவே கூடாது. ஆசிட்டோடு சேர்ந்தால் குளோரின் வாயு.

உதிர்ந்த ஜாயின்ட்டின் மேல் புது கிரவுட்டைப் பூசி மறைக்கப் பார்ப்பார்கள். நிற்காது. கெட்டியான இடம் வரும்வரை சுரண்டி எடுத்துத்தான் நிரப்ப வேண்டும். குரோமில் மேலோட்டமான துருவை, அலுமினியம் ஃபாயிலைத் தண்ணீரில் நனைத்து லேசாகத் தேய்த்தால் போய்விடும். தேய்த்த இடத்தில் நகம் தட்டுகிற குழி இருந்தால் பூச்சு ஓட்டையாகிவிட்டது, குழாயை மாற்றத்தான் வேண்டும். அந்தப் பில்லை கான்ட்ராக்டரின் கடைசித் தவணையில் கழியுங்கள். தலைக்கு மேலே இருக்கும் ஷவரை அவர் முன்னாலேயே தடவிக் காட்டிவிட்டு.