துபாய்ச் சம்பளம், ஊரில் வீடு: என்.ஆர்.இ டெபாசிட்டா, எஃப்.சி.என்.ஆர் டெபாசிட்டா?

சம்பளம் திர்ஹாமில் வருகிறது. ஐந்து ஆண்டு கழித்துத் தஞ்சாவூரில் வீடு கட்ட வேண்டும். சேமிப்பை இப்போதே ரூபாயாக மாற்றி என்.ஆர்.இ டெபாசிட்டில் போடுவதா, டாலராகவே எஃப்.சி.என்.ஆர் டெபாசிட்டில் வைப்பதா? துபாய் வங்கியிலேயே விட்டுவைப்பதைத் தனியாகப் பார்க்க வேண்டியதில்லை. 1997 முதல் ஒரு டாலருக்கு 3.6725 திர்ஹாம் என்று கட்டிப்போட்டிருப்பதால், அதுவும் டாலரில் வைத்திருப்பது மாதிரிதான்.

பலரும் வட்டியை மட்டும் பார்த்து என்.ஆர்.இ பக்கம் போய்விடுகிறார்கள். ஒரு லட்சம் திர்ஹாமை எடுத்துக்கொள்வோம். திர்ஹாம் 23 ரூபாய், என்.ஆர்.இ வட்டி 7 சதவீதம், டாலர் எஃப்.சி.என்.ஆர் வட்டி 4.5 சதவீதம் என்று உதாரணத்துக்கு வைப்போம். ஆண்டுக்கொரு முறை கூட்டு வட்டி போட்டால் 23 லட்சம் ரூபாய் ஐந்தாண்டில் சுமார் 32.26 லட்சமாகும். டாலரில் போட்டது 1,24,618 திர்ஹாமுக்குச் சமமாக வளர்ந்திருக்கும். இரண்டும் சமமாக வர, அன்றைக்குத் திர்ஹாம் சுமார் 25.90 ரூபாயாக இருக்க வேண்டும். அதற்கு மேலே போனால் டாலர் ஜெயிக்கும், கீழே நின்றால் ரூபாய். அதாவது டாலர் ஐந்தாண்டில் பன்னிரண்டரை சதவீதம் ஏற வேண்டும். டெபாசிட் போடும் நாளின் வட்டியையும் மாற்று விகிதத்தையும் வைத்து இந்த ஒரு எண்ணைக் கணக்கிட்டுவிட்டால் பாதிக் குழப்பம் தீரும்.

சரி, அவ்வளவு ஏறுமா? 2020 மார்ச் கடைசியில் 75 ரூபாய்ச் சொச்சமாக இருந்த டாலர், 2025 மார்ச் கடைசியில் 85 சொச்சம். கிட்டத்தட்ட 13 சதவீதம், ஏறக்குறைய சமம்தான். 2011 தொடக்கத்தில் 45 ரூபாயாக இருந்தது 2013 ஆகஸ்டில் 68-ஐத் தொட்டது. ஆனால் 2002-இல் 48 ரூபாய்க்கு மேல் இருந்த டாலர் 2007 கடைசியில் 40-க்கும் கீழே இறங்கியது. "ரூபாய் எப்பவும் விழும்" என்று நம்பிக் காத்திருந்தவர்களுக்கு அது சரியான அடி.

என் கணிப்பில், செங்கல், சிமெண்ட், கொத்தனார் கூலி எல்லாம் ரூபாயில் கொடுக்க வேண்டியிருப்பதால், வீட்டுக்கென்று உறுதியான பணத்துக்கு என்.ஆர்.இ-தான் ஆபத்தில்லாதது. டாலரில் வைத்தால் லாபம் வரலாம், ஆனால் அது பந்தயம். வீடு நிச்சயமில்லை, பிள்ளையை வெளிநாட்டில் படிக்கவைக்கவும் நேரலாம் என்றால் அப்படியே தலைகீழ்: அங்கே ரூபாய்தான் ஆபத்து.

இரண்டிலும் ஓராண்டுக்குள் உடைத்தால் வட்டி கிடையாது. வெளிநாட்டில் இருக்கும்வரை இரண்டின் வட்டிக்கும் இந்தியாவில் வரி இல்லை. ஊர் திரும்பிய பிறகுதான் வித்தியாசம் தெரியும். நிரந்தரமாகத் திரும்பியதும் என்.ஆர்.இ வட்டிக்கு வரிச்சலுகை போய்விடும். எஃப்.சி.என்.ஆரை முதிர்வுவரை தொடரலாம். வருமான வரிச் சட்டப்படி, திரும்பி வந்த புதிதில் பலருக்கும் கிடைக்கும் 'சாதாரணமாக வசிக்காதவர்' என்ற நிலை இருக்கும்வரை அந்த வட்டிக்கு வரி வராது. அதனால் டெபாசிட் முடிவதற்கு முன்பே திரும்புவோம் என்று தோன்றினால், மேலே போட்ட கணக்கில் 7 சதவீதத்தைக் கடைசி ஆண்டுகளுக்கு வரி போக எவ்வளவோ அதாகக் குறைத்துப் போட்டுப் பாருங்கள்.