தேர்வு முடிந்தும் முடியாத சந்தா: ஒரு பயிற்சிச் செயலியை விட்டு வெளியேறிய அனுபவம்

செயலியை நீக்கிய பிறகும் சந்தாப் பணம் ஏன் போகிறது என்று, என்னோடு வங்கித் தேர்வுக்குப் படித்த நண்பர் ஒருவர் சென்ற வாரம் கேட்ட கேள்விதான் இதை எழுதத் தூண்டியது. தேர்வு எழுதிவிட்டு வந்த அன்றே பயிற்சிச் செயலியைக் கைப்பேசியிலிருந்து நீக்கியிருக்கிறார். இருந்தும் அடுத்த மாதம் அவருடைய கணக்கிலிருந்து சந்தாப் பணம் போய்விட்டது. அதே செயலியில் ஓராண்டுக்கும் மேலாக மாதிரித் தேர்வுகள் எழுதியவன் நான். அவருடைய சந்தாவை நிறுத்தும் வேலையைக் கூடவே இருந்து முடித்துக் கொடுத்ததால், அந்தச் செயலியைப் பற்றிய என் கருத்தையும் சேர்த்து எழுதுகிறேன்.

அதன் டெஸ்ட் சீரிஸ் உண்மையிலேயே தரமானது. ஒவ்வொரு பகுதிக்கும் தனித்தனி நேரம், தவறான விடைக்குக் கால் மதிப்பெண் குறைப்பு, நேரம் முடிந்ததும் தானாக அடுத்த பகுதிக்கு மாறும் திரை என்று வங்கித் தேர்வின் முதல்நிலையை அது அப்படியே கண்முன் நிறுத்தியது. தரவு விளக்கக் கணக்குகளில் நான் எங்கே நேரத்தை வீணாக்குகிறேன் என்பதை அதன் பகுப்பாய்வுப் பக்கம்தான் எனக்குக் காட்டியது. அதற்காக நான் கொடுத்த பணம் வீணாகவில்லை என்று இன்றும் சொல்வேன்.

ஆனால் அதிலிருந்து வெளியேறும் வழியை அமைத்திருக்கும் விதம் எனக்கு ஆத்திரமூட்டுகிறது. சுயவிவரப் பக்கத்தைத் திறந்தால் திட்டத்தை நீட்டிக்கவும் மேம்படுத்தவும் பெரிய பொத்தான்கள் இருக்கின்றன. ரத்து செய்வதற்கான பொத்தான் அந்தப் பக்கத்தில் இல்லை. அது உதவிப் பிரிவின் கேள்வி பதில்களுக்குள், ஏன் விலகுகிறீர்கள் என்ற படிவத்துக்கும் பாதி விலைச் சலுகைக்கும் அப்பால் இருக்கிறது. தேர்வு நாள் என்று ஒன்று உண்டு, அதற்குப் பிறகு பெரும்பாலோருக்கு இது தேவைப்படாது என்பது, அந்தத் தேதியை நம்மிடமே கேட்டு வாங்கிக்கொண்டு நாள் எண்ணிக் காட்டும் செயலிக்குத் தெரியாததல்ல.

நண்பருக்கு நடந்தது இதுதான். அவருடைய சந்தா ஒவ்வொரு மாதமும் 8-ஆம் தேதி புதுப்பிக்கப்படும். தேர்வு 17-ஆம் தேதி நடந்தது. செயலியை நீக்குவது கைப்பேசியிலுள்ள ஒரு கோப்பை நீக்குவதுதான். பணம் எடுத்துக்கொள்ள அவர் கொடுத்திருந்த அனுமதி வேறிடத்தில் அப்படியே இருந்தது. ஆகவே அடுத்த 8-ஆம் தேதி பணம் எடுக்கப்பட்டது. முதலில் பிளே ஸ்டோரில் சுயவிவரப் படத்தைத் தொட்டு, Payments & subscriptions என்பதற்குள் Subscriptions பட்டியலைப் பார்த்தோம். அதில் அந்தச் செயலியின் பெயரே இல்லை. சந்தா ஏற்கெனவே முடிந்துவிட்டது என்று எண்ணிப் பலர் ஏமாறுவது இந்த இடத்தில்தான். பிளே ஸ்டோர் வழியாக வாங்கிய சந்தா மட்டுமே அங்கே தெரியும். நண்பரோ செயலிக்குள் யுபிஐ மூலம் நேரடியாகப் பணம் கட்டியிருந்தார்.

அடுத்து அவர் பயன்படுத்தும் யுபிஐ செயலியில், தானாகப் பணம் எடுக்கக் கொடுத்த அனுமதிகளைக் காட்டும் ஆட்டோபே பகுதியைத் திறந்தோம். அங்கேயும் பயிற்சிச் செயலியின் பெயர் கண்ணில் படவில்லை. அதை நடத்தும் நிறுவனத்தின் பதிவுப் பெயர்தான் இருந்தது. தொகையும், 8-ஆம் தேதி என்ற குறிப்பும் ஒத்துப்போனதை வைத்தே அதுதான் என்று உறுதி செய்துகொண்டோம். அந்த அனுமதியின் முடிவு நாள் சில ஆண்டுகளுக்கு அப்பால் இருந்தது. அனுமதிக்கப்பட்ட உச்சத் தொகையும் மாதச் சந்தாவைவிட அதிகமாக இருந்தது. சந்தா சேரும்போது பின் எண்ணை இடுவதற்கு முன் இந்த இரண்டும் திரையில் காட்டப்படுகின்றன என்றாலும், தேர்வு நெருங்கும் அவசரத்தில் அவற்றை நின்று படிக்க யாருக்கும் பொறுமை இருப்பதில்லை. ரத்து என்பதைத் தேர்ந்து பின் எண்ணை இட்டதும் அனுமதி நீங்கிய செய்தி வந்தது. அதைத் திரைப்பிடிப்பாக எடுத்து வைத்துக்கொண்டோம்.

இதைத் தடுக்க அவருக்கு ஒரு வாய்ப்பு இருந்திருக்கிறது. இதுபோன்ற சந்தாவுக்குத் தானாகப் பணம் எடுக்கும் ஒவ்வொரு முறையும், எடுப்பதற்குக் குறைந்தது 24 மணி நேரம் முன்னதாக அறிவிப்பு அனுப்ப வேண்டும் என்பதும், அந்த அனுமதியை வாடிக்கையாளர் எப்போது வேண்டுமானாலும் திரும்பப் பெறலாம் என்பதும் ரிசர்வ் வங்கியின் விதிகள். நண்பரின் குறுஞ்செய்திகளில் தேடியபோது 7-ஆம் தேதி காலையில் அந்த அறிவிப்பு வந்திருந்தது. ஆனால் அதிலும் நிறுவனத்தின் பதிவுப் பெயரே இருந்ததால், அதை விளம்பரம் என்று கருதி அவர் கடந்துவிட்டார். இதற்கு அவரைக் குறை சொல்ல முடியாது. மாணவர் அறிந்த பெயர் ஒன்றாகவும் பணம் எடுப்பவரின் பெயர் வேறாகவும் இருக்கும்போது, முன்னறிவிப்பு என்ற பாதுகாப்பு பாதியாகக் குறைந்துபோகிறது.

பிளே ஸ்டோர் வழியாக வாங்கியவர்கள் அங்கேயே சென்று ரத்து செய்வதுதான் முறை. அப்படிச் செய்தால் ஏற்கெனவே பணம் கட்டிய காலம் முடியும் வரை சேவை கிடைக்கும். புதுப்பிப்பு மட்டும் நின்றுவிடும். ஆப்பிள் கைப்பேசியில் அமைப்புகளில் நம் பெயரைத் தொட்டு Subscriptions என்பதற்குள் செல்ல வேண்டும். புதுப்பிக்கும் நேரத்துக்கு 24 மணி நேரம் முன்பே அதை முடித்துவிடுவது நல்லது. கட்டிய காலம் கைவிட்டுப் போகாது என்பதால், ரத்து செய்யத் தேர்வு நாள் வரை காத்திருக்க வேண்டியதே இல்லை. நண்பர் தேர்வுக்கு முந்தைய 8-ஆம் தேதி பணம் போன மறுநாளே ஆட்டோபே அனுமதியை நீக்கியிருந்தாலும், 17-ஆம் தேதிக்குள் எழுத வேண்டிய மாதிரித் தேர்வுகளுக்கான பணம் கட்டப்பட்டே இருந்திருக்கும். முதன்மைத் தேர்வு இருக்கிறதே என்று தயங்குவோருக்கும் இது பொருந்தும். முதல்நிலை முடிவு வந்த பின் தேவையென்றால் மீண்டும் சேர்ந்துகொள்ளலாம். ஆனால் காலம் முடிந்ததும் பழைய விடை விளக்கங்களும் குறித்து வைத்த வினாக்களும் பூட்டப்பட்டுவிடும் என்பதால், வேண்டியவற்றை அதற்குள் எழுதி வைத்துக்கொள்ள வேண்டும்.

போன பணத்தைத் திரும்பக் கேட்பது தனி வேலை. ரத்து செய்வதால் அது தானாக வராது. பணம் எடுக்கப்பட்ட தேதி, யுபிஐ பரிவர்த்தனை எண், அதன் பிறகு செயலியில் ஒரு தேர்வுகூட எழுதவில்லை என்ற விவரம் ஆகியவற்றுடன் வாடிக்கையாளர் சேவைக்கு நண்பர் மின்னஞ்சல் அனுப்பினார். கட்டிய பணம் திருப்பித் தரப்படாது என்ற விதியைச் சுட்டிக்காட்டிப் பதில் வந்தது. அனுமதியை நீக்கிய பிறகும் பணம் எடுத்திருந்தால் வங்கியில் உறுதியாகப் புகார் கொடுக்கலாம். இங்கே பணம் போனபோது அனுமதி உயிரோடு இருந்தது என்பதால் அந்த வழியும் அடைபட்டுவிட்டது.

வினாக்களின் தரத்துக்கு நான் முழு மதிப்பெண் தருவேன். ஆனாலும் தேர்வுக்குப் படிக்கும் யாருக்கும் இந்தச் செயலியின் மாதச் சந்தாவைப் பரிந்துரைக்க மாட்டேன். அதே மாதிரித் தேர்வுகள், குறிப்பிட்ட காலம் வரை பயன்படுத்த ஒரே தடவை மட்டும் பணம் கட்டும் தொகுப்பாகவும் அங்கே கிடைக்கின்றன. மாதக் கணக்கில் பார்த்தால் அதன் விலை கூடுதல்தான். அதில் பணம் கட்டும் திரையில் ஆட்டோபே என்ற சொல்லும் முடிவு நாளும் வருவதில்லை. நண்பர் அடுத்த தேர்வுக்கு அந்தத் தொகுப்பைத்தான் வாங்கப் போகிறார்.