கனடா ஸ்டடி பெர்மிட்: ஏஜென்ட் எழுதிக் கொடுக்கும் கடிதத்தில் கையெழுத்துப் போடும் முன் இதைப் படியுங்கள்

தண்டையார்பேட்டை, வண்ணாரப்பேட்டை, ராயபுரம் பக்கம் ‘வெளிநாட்டுப் படிப்பு’ என்று போர்டு வைத்த ஆபீஸ்கள் தெருவுக்குத் தெரு வந்துவிட்டன. அப்படி ஒரு இடத்தில் என் தம்பியை ஏமாற்றினார்கள். விஷயம் நுகர்வோர் ஆணையத்தில் இருப்பதால் ஆபீஸின் பெயரை எழுதவில்லை. பெயரைவிட அவர்கள் ஏமாற்றும் விதம் தெரிந்தால்தான் அடுத்த பிள்ளை தப்பிக்கும். அதனால் விவரமாகவே எழுதுகிறேன்.

தம்பி மெக்கானிக்கல் இன்ஜினீயரிங் முடித்தவன். மூன்று வருடமாக மாதவரம் பக்கம் ஒரு கண்டெய்னர் யார்டில் வேலை செய்கிறான். துறைமுகத்திலிருந்து வரும் பெட்டிகளை இறக்கி, அடுக்கி, கஸ்டம்ஸ் முடிந்ததும் வெளியே அனுப்பும் வேலை. எந்தப் பெட்டியை எங்கே அடுக்குவது என்பதை இன்னும் எக்செல்லில்தான் போடுகிறார்கள். நாளைக்கு டெலிவரி போக வேண்டிய பெட்டி நாலு பெட்டிக்கு அடியில் மாட்டிக்கொள்ளும். பெட்டி தூக்கும் வண்டியான ரீச் ஸ்டாக்கரை வைத்து மேலே உள்ளதையெல்லாம் எடுத்து வைத்து, அதை வெளியே இழுத்து, மறுபடி அடுக்க வேண்டும். டீசல் வீண், லாரிக்காரர் காத்துக் கிடப்பார், பார்ட்டி கூடுதல் வாடகை கட்டுவார். இதைச் சரியாகச் செய்வது எப்படி என்று முறையாகப் படிக்க வேண்டும் என்பதுதான் அவன் ஆசை. சப்ளை செயின் படிப்பு வேண்டும் என்று கேட்டுத்தான் அந்த ஆபீஸுக்குப் போனான்.

அங்கே என்ன சொன்னார்கள்? “தம்பி, அந்தக் கோர்ஸ்ல சீட் லேட்டாகும். பிசினஸ் டிப்ளமோ ரெண்டு வருஷம், ஒரு வாரத்துல ஆஃபர் லெட்டர் வாங்கித் தரேன். போனதுக்கு அப்புறம் மாத்திக்கலாம்.” பல கல்லூரிகள் ஆள் சேர்த்துவிடும் ஏஜென்ட்டுக்குக் கமிஷன் தருகின்றன. எந்தக் கல்லூரி, எந்தக் கோர்ஸ் என்று அவர்கள் அழுத்திச் சொல்வதை அந்தக் கணக்கோடு சேர்த்துத்தான் கேட்க வேண்டும். மொத்த வேலைக்கு 45,000 ரூபாய். ‘ஸ்டடி பிளான்’ கடிதம் எழுத மட்டும் தனியாக 8,000.

இந்தக் கடிதம் எதற்கு என்று தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். ஸ்டடி பெர்மிட் கொடுக்கும் அதிகாரி மாணவனை நேரில் பார்ப்பது அபூர்வம். காகிதத்தை வைத்தே முடிவெடுக்கிறார். கனடா குடிவரவு விதிகளில் 216(1)(b) என்று ஒன்று உண்டு. தங்கும் காலம் முடிந்ததும் இவன் நாட்டை விட்டுக் கிளம்புவான் என்று அதிகாரிக்கு நம்பிக்கை வர வேண்டும், வராவிட்டால் மறுக்கலாம். மதிப்பெண், பேங்க் ஸ்டேட்மென்ட், ஆஃபர் லெட்டர் எல்லாம் தனித்தனித் துண்டுகள். இவனுடைய படிப்புக்கும் வேலைக்கும் அடுத்து இந்தக் கோர்ஸ் ஏன், இந்தக் கல்லூரி ஏன், இவ்வளவு செலவு செய்து இந்த நாட்டுக்கு ஏன் என்று அந்தத் துண்டுகளைச் சேர்த்துச் சொல்வது இந்தக் கடிதம் ஒன்றுதான்.

அவர்கள் எழுதிய கடிதம் இரண்டு பக்கம். முதல் பக்கம் முழுக்கக் கனடாவின் பெருமை: பல பண்பாடுகள் வாழும் நாடு, உலகத்தரம் வாய்ந்த கல்வி, பாதுகாப்பான சூழல். எல்லாமே உண்மையாக இருக்கலாம். ஆனால் எந்த மாணவனின் பெயரை மேலே போட்டாலும் அந்தப் பக்கம் பொருந்தும். அதிகாரி தினம் தினம் படிக்கும் வரிகள் அவை. கண்டெய்னர் யார்டு என்ற சொல் கடிதத்தில் ஒரு இடத்தில்கூட இல்லை. இன்ஜினீயரிங் பட்டம் வாங்கி மூன்று வருடம் வேலை செய்தவன், பட்டத்துக்குக் கீழான ஒரு பொது டிப்ளமோவுக்கு ஏன் போகிறான் என்பதற்குப் பதிலே இல்லை. அதிகாரியின் மனதில் முதலில் எழும் கேள்வியே அதுதான்.

இரண்டாம் பக்கத்தைச் சொல்லவே எனக்கு ஆத்திரம் வருகிறது. “படிப்பு முடிந்ததும் நாடு திரும்பி, திருப்பூரில் என் தந்தை நடத்தும் பின்னலாடை நிறுவனத்தின் பொறுப்பை ஏற்பேன்” என்று எழுதியிருந்தார்கள். எங்கள் அப்பா துறைமுகத்தில் கிரேன் ஆபரேட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். திருப்பூரில் எங்களுக்குச் சொந்தக்காரர்கள்கூடக் கிடையாது. யாரோ ஒரு பையனுக்கு எழுதியதில் பெயரை மட்டும் மாற்றியிருக்கிறார்கள். தம்பிக்கு அந்தக் கடிதத்தைக் காட்டவே இல்லை. “எல்லாம் ஆன்லைன்ல ஏத்திட்டோம், கையெழுத்துப் பக்கம் மட்டும் அனுப்பு” என்று வாட்ஸ்அப்பில் கேட்டு வாங்கிக்கொண்டார்கள். விண்ணப்பக் கணக்கையும் ஆபீஸ் ஈமெயிலில்தான் திறந்திருந்தார்கள். மறுப்புக் கடிதம் வந்து வெகுநாள் ஆன பிறகும் “பிராசஸிங்ல இருக்கு மேடம்” என்றே என்னிடம் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

நான் நேரில் போய் உட்கார்ந்துகொண்டு, கணக்கின் பாஸ்வேர்டு கைக்கு வராமல் எழுந்திருக்க மாட்டேன் என்ற பிறகுதான் கொடுத்தார்கள். மறுப்புக் கடிதமும் அதிகாரி எழுதிய குறிப்பும் அப்போதுதான் எங்கள் கண்ணில் பட்டன. குறிப்பு நாலைந்து வரிதான். இன்ஜினீயரிங் பட்டம் உள்ளவர் அதைவிடக் கீழ்நிலைப் படிப்புக்கு விண்ணப்பித்துள்ளார். இப்போதைய வேலைக்கும் இந்தப் படிப்புக்கும் உள்ள தொடர்பு விளக்கப்படவில்லை. இதே போன்ற படிப்பு சொந்த நாட்டில் குறைந்த செலவில் கிடைக்கும். தந்தை நிறுவனம் நடத்துவதாகச் சொல்கிறார், குடும்ப விவரப் படிவத்தில் தந்தை ஓய்வு பெற்றவர் என்றுள்ளது. கடைசி வரியைப் படித்ததும் எனக்குக் கை நடுங்கியது.

ஏனென்றால் மறுப்பு என்பது ஒன்று, பொய்த் தகவல் என்ற தீர்ப்பு வேறு. மறுப்பு வந்தால் குறையைச் சரிசெய்து மறுபடி விண்ணப்பிக்கலாம். விண்ணப்பத்தில் முக்கியமான விஷயத்தில் பொய் சொன்னதாகத் தீர்மானித்தால் கனடா சட்டத்தின் 40ஆம் பிரிவின்படி 5 வருடம் உள்ளே போகவே முடியாது. எழுதியது ஏஜென்ட் என்று சொல்லித் தப்பிப்பது கடினம். விண்ணப்பத்தில் கையெழுத்து மாணவனுடையது. அப்படிச் சந்தேகம் வந்தால் அதிகாரி முதலில் விளக்கம் கேட்டுக் கடிதம் அனுப்புவார். ஏஜென்ட்டின் ஈமெயிலுக்குப் போகும் அந்தக் கடிதத்தை நீங்கள் பார்க்கவே மாட்டீர்கள். தம்பி விஷயத்தில் அதிகாரி அந்த எல்லைக்குப் போகவில்லை. 216(1)(b)யின் கீழ் மறுத்ததோடு நிறுத்திக்கொண்டார்.

இப்போது முக்கியமான விஷயம். காசு வாங்கிக்கொண்டு கனடா விண்ணப்பத்தில் உங்கள் சார்பாக வேலை செய்ய எல்லோருக்கும் உரிமை கிடையாது. கனடா வழக்கறிஞர்கள், அங்கே உரிமம் பெற்ற குடிவரவு ஆலோசகர்கள் என்று சிலருக்கு மட்டுமே உண்டு. ஆலோசகரின் பெயரும் உரிம எண்ணும் college-ic.ca தளத்தில் உள்ள பொதுப் பதிவேட்டில் இருக்கும். தேடிப் பார்க்கச் செலவில்லை. அப்படி ஒருவரை வைத்தால் IMM 5476 என்ற படிவத்தில் அவர் பெயரைப் போட்டு நீங்கள் கையெழுத்திட வேண்டும். உங்கள் ஏஜென்ட் அந்தப் படிவத்தைப் பற்றிப் பேசவே இல்லை, கணக்கையும் தன் ஈமெயிலில் திறக்கிறார் என்றால், மாணவனே எல்லாம் செய்தது போலக் காட்டிவிட்டு அவர் மறைந்துகொள்கிறார் என்று அர்த்தம். தம்பிக்கு நடந்தது அச்சு அசல் இதுதான்.

இரண்டாவது விண்ணப்பத்துக்கு அவனே உட்கார்ந்து கடிதம் எழுதினான். நான் பக்கத்தில் இருந்து கேள்வி மட்டும் கேட்டேன். பொது டிப்ளமோவை விட்டுவிட்டு, பட்டதாரிகளுக்கான ஒரு வருட சப்ளை செயின் சான்றிதழ் படிப்புக்கு இடம் வாங்கியிருந்தான். கடிதத்தை யார்டில் தொடங்கினான்: அடியில் மாட்டும் பெட்டி, எக்செல், ரீச் ஸ்டாக்கர். அந்தச் சிக்கலுக்குக் கல்லூரியின் பாடத்திட்டத்தில் எந்தெந்தப் பாடம் பதில் சொல்கிறது என்று கிடங்கு வடிவமைப்பு, சரக்கிருப்புத் திட்டமிடல் ஆகிய இரண்டை மட்டும் பெயர் சொல்லி எழுதினான். எல்லாப் பாடத்தையும் வரிசையாக அடுக்கவில்லை. அது கல்லூரி இணையதளத்திலேயே இருக்கிறது.

‘இங்கேயே படிக்கலாமே’ என்ற கேள்விக்குத்தான் அதிக நேரம் பிடித்தது. நம்ம ஊரிலேயே உத்தண்டியில் இந்திய கடல்சார் பல்கலைக்கழகம் இருக்கிறது. சரக்குப் போக்குவரத்தில் எம்.பி.ஏ. நடத்துகிறார்கள். அதைக் குறை சொல்லி எழுதக் கூடாது என்று நான் சொன்னேன், அவனும் ஒத்துக்கொண்டான். அது இரண்டு வருட நிர்வாகப் பட்டம், தனக்கு வேண்டியது யார்டு திட்டமிடலை மட்டும் ஆழமாகச் சொல்லித் தரும் ஒரு வருடம், அதற்கு மேல் வேலையை விட்டு இருக்க முடியாது என்று உள்ளதை எழுதினான். நாட்டைப் பற்றி ஒரே பத்தி. வான்கூவர், பிரின்ஸ் ரூபர்ட் துறைமுகங்களில் இறங்கும் பெட்டிகள் ரயிலில் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் உள்நாட்டுக்குப் போகின்றன. நம் பக்கம் மப்பேட்டில் ரயில் இணைப்போடு சரக்குப் பூங்கா வருகிறது; 2022இல் அடிக்கல் நாட்டினார்கள். அந்த மாதிரி இடத்துக்குத் தேவையான வேலையைத்தான் கற்கப் போகிறேன் என்று முடித்தான்.

திரும்பி வருவதற்கு ஆதாரமாக யார்டு மேனேஜரிடம் கடிதம் வாங்கினான். “வந்தால் பிளானிங் பிரிவில் எடுத்துக்கொள்ள விரும்புகிறோம்” என்ற அளவுக்குத்தான் அவர் எழுதிக் கொடுத்தார். அதை ‘வேலை உறுதி’ என்று ஊதவில்லை. அப்பாவின் ஓய்வுப் பணம் எவ்வளவு, கடன் எவ்வளவு என்பதையும் பேங்க் காகிதத்தோடு பொருந்தும்படி எழுதினான். முன்பு மறுக்கப்பட்டதா என்று படிவத்தில் கேட்கிறார்கள், ஆம் என்றுதான் போட வேண்டும். கடிதத்திலும் தனிப் பத்தி வைத்தோம்: முந்தைய கடிதம் என் பார்வைக்கு வராமல் ஏஜென்ட் தயாரித்தது, தந்தையின் தொழில் பற்றிய வரி தவறு, சரியான விவரம் இது, ஆதாரம் இணைப்பில். பழைய விண்ணப்பம் அவர்கள் கணினியில் அப்படியே இருக்கும். நாம் பேசாமல் விட்டாலும் அவர்கள் எடுத்துப் பார்க்க முடியும்.

முடிவு இன்னும் வரவில்லை. கடிதம் நன்றாக இருந்தால் பெர்மிட் நிச்சயம் என்று யாராவது சொன்னால் அவரையும் நம்பாதீர்கள்.

ஏஜென்ட் மேல் சென்னை வடக்கு மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுத்திருக்கிறோம். கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்றால் புகாருக்குக் கட்டணம் இல்லை, வக்கீல் இல்லாமலும் போகலாம், 2 வருடத்துக்குள் போக வேண்டும். எங்களிடம் இருந்த ஆதாரம் ஜிபே ரசீது, வாட்ஸ்அப் பேச்சு, கணக்கிலிருந்து இறக்கிய அந்தத் திருப்பூர் கடிதம், மறுப்பு வந்த தேதிக்குப் பிறகும் “பிராசஸிங்” என்று அவர்கள் அனுப்பிய வாய்ஸ் மெசேஜ். இதே கதை உங்கள் வீட்டிலும் நடந்திருந்தால், சண்டைக்குப் போகும் முன் கணக்கைத் திறந்து அவர்கள் ஏற்றிய ஒவ்வொரு ஃபைலையும் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். அவர்கள் பாஸ்வேர்டை மாற்றிவிட்டால் அப்புறம் அவை கைக்கு வருவது பெரும்பாடு.