திருகு கொலுசா, கொக்கி கொலுசா? மெட்டி, இடுப்பு செயினுக்கும் சேர்த்து என் அளவுக் கணக்கு

மூணு கொலுசு மாத்தின பிறகுதான் எனக்கு அளவு பிடிபட்டுச்சு, அதனால முதல்லயே சொல்லிடறேன், நான் கொக்கி வச்சு கடைசில கூடுதல் வளையம் போட்ட கொலுசு பக்கம்தான். திருகு கொலுசு மோசம்னு சொல்ல வரல, பாக்க அழகா இருக்கும், பூட்டு இருக்கிற இடமே தெரியாது, இறுக்கமா திருகிட்டா லேசுல கழண்டும் வராது. ஆனா அதுக்கு ஒரே ஒரு நீளம்தான், நம்ம காலுக்கு ஒரே அளவு கிடையாது. என் பிரச்சனை எல்லாமே அங்கதான் ஆரம்பிச்சுது.

கொலுசு எங்க நிக்கணும்னு முதல்ல பாருங்க. கால் கீழ இறங்க இறங்க ஒல்லியாகும், கணுக்கால் எலும்புக்கு சரியா மேல ரொம்ப ஒல்லி, அப்புறம் எலும்பு புடைச்சிட்டு இருக்கிற இடத்துல திரும்ப அகலமாகும். கொலுசு அந்த ஒல்லி இடத்துல இறுக்காம கிடக்கணும், கீழ சறுக்கினா எலும்பு மேல தட்டி நிக்கணும். அப்போ ஒரு அளவு எடுத்தா போதாது, ரெண்டு வேணும். ஒல்லி இடத்தோட சுத்தளவை விட கொஞ்சம் பெருசா இருக்கணும், எலும்பு மேல சுத்தின அளவை விட சின்னதா இருக்கணும். இந்த ரெண்டுக்கும் நடுவுல எவ்வளவு இடம் இருக்கோ அதுதான் நமக்கு கிடைக்கிற சலுகை.

எனக்கு ஒல்லி இடத்துல காலைல 21.5 செ.மீ., நாள் முழுக்க நின்னுட்டு சாயங்காலம் எடுத்தா 22.3. எலும்பு மேல 24. காலைக்கும் சாயங்காலத்துக்கும் 8 மி.மீ. வித்தியாசம், காதால கேட்டா சின்னதா தெரியும், ஆனா எனக்கு சரியா உக்காரக்கூடிய இடமே 22.3க்கும் 24க்கும் நடுவுல இருக்கிற 17 மி.மீ. தான்னு வச்சுப் பாருங்க, அந்த 8 பெருசுதான். அதனால அளவு எப்பவும் சாயங்காலம் எடுங்க, நின்னுட்டே எடுங்க. நூல் வேண்டாம், இழுத்தா நீளும், ஒரு பேப்பரை 5 மி.மீ. அகலத்துக்கு பட்டையா வெட்டி சுத்தி, ஒண்ணு மேல ஒண்ணு சேர்ற இடத்துல பேனாவால கோடு போட்டு, எடுத்து ஸ்கேல்ல வச்சு பாருங்க.

இதெல்லாம் கரெக்டா எடுத்தும் எனக்கு தப்பானது வேற இடத்துல. செயினை நீட்டி வச்சு அளந்த நீளமும் அதை வட்டமா போட்டப்புறம் உள்பக்கம் கிடைக்கிற சுத்தளவும் ஒண்ணு இல்ல. செயின் தடிமனா இருந்தா உள்சுத்து குறைஞ்சுடும், தோராயமா தடிமனை 3.14ஆல பெருக்கினா வர்ற அளவுக்கு குறையும். 4 மி.மீ. தடிமன் கொலுசுன்னா 12.5 மி.மீ. கிட்ட போயிடும், மெல்லிசு 1.5 மி.மீ. செயின்னா 5 மி.மீ. கூட போகாது. ஒரே நீளத்துல மெல்லிசு கொலுசு உங்களுக்கு லூஸா இருக்கும், முத்து வச்ச தடி கொலுசு பிடிக்கும், காரணம் இதுதான்.

என் மூணு கொலுசும் 4 மி.மீ. தடிமன்தான், கணக்கை பாருங்க. முதல் கொலுசு 26 செ.மீ. திருகு, உள்சுத்து 24.75, எலும்பு அளவான 24ஐ தாண்டிடுச்சு, அதனால நடக்க நடக்க எலும்பைத் தாண்டி குதிகால் பக்கம் விழுந்து செருப்பு வாருக்குள்ள மாட்டி தோல் வழண்டுடுச்சு. பயந்துட்டு ரெண்டாவது 23.5 வாங்கினேன், அதுவும் திருகு, உள்சுத்து 22.25, காலைல போடறப்ப அளவெடுத்து செஞ்ச மாதிரி இருந்துச்சு, சாயங்காலம் 22.3 ஆனதும் கண்ணி கண்ணியா தோல்ல பதிஞ்சு அரிக்க ஆரம்பிச்சுடும். மூணாவது தடவை செய்யச் சொல்லிப் போனப்ப நகை செய்றவர் கேட்டார், "ஏம்மா, நீங்க சொல்றது உள்சுத்தா, நீட்டி வச்ச நீளமா?" அந்த ஒரு கேள்வியை முன்னாடியே யாராவது கேட்டிருந்தா முதல் ரெண்டும் வாங்கியிருக்க மாட்டேன்.

அவர் செஞ்சு கொடுத்தது கொக்கியோட சேர்த்து 24 செ.மீ., கடைசில 5 மி.மீ. வளையம் மூணு. அடிக் கண்ணில மாட்டினா உள்சுத்து 22.75, முதல் வளையத்துல 23.25, ரெண்டாவதுல 23.75. முக்காவாசி நாள் முதல் வளையம்தான், காலைக்கும் சாயங்காலத்துக்கும் ரெண்டுக்கும் ஒத்து வருது. மூணாவது வளையத்துல 24.25 ஆயிடும், சாதாரண நாள்ல எலும்பைத் தாண்டி இறங்கிடும், ஆனா நீண்ட பஸ் பயணம் போய் கால் வீங்கற அன்னிக்கு எலும்பு அளவும் சேர்ந்துதான் கூடுது, அன்னிக்கு அது உதவுது.

கொக்கி கழண்டு விழுந்துடும்னு எல்லாரும் சொல்றாங்க, உண்மைதான், ஆனா பெரும்பாலும் அதுவும் அளவு தப்புதான். கொலுசு ரொம்ப லூஸா இருந்தா கொக்கில இழுப்பே இருக்காது, வளையம் பின்னாடி நகர்ந்து வாய் வழியா வெளிய வந்துடும். அளவு சரியா இருந்தா வளையம் கொக்கியோட வளைவுலயே பிடிச்சுட்டு நிக்கும். அதுக்கு மேல கொக்கி வாய் நாளாக ஆக விரியும், அந்த இடைவெளி வளையத்தோட கம்பி தடிமனை விட அதிகமானா குறடால மெதுவா ஒரு அழுத்து அழுத்தி மூடணும். நான் மாசம் ஒரு தடவை பாக்கறேன். திருகுலயும் இந்த வேலை உண்டு, மரை தேய்ஞ்சா தானா சுத்தி வரும், அதை வீட்ல வச்சு சரி பண்ண முடியாது.

கூடுதல் வளையம் வாங்கறப்ப ஒண்ணு மட்டும் கவனிங்க, வளையத்தோட வாய் பத்த வச்சிருக்கணும். நகத்தை வளையம் சுத்தி ஓட்டிப் பாருங்க, எங்கயாவது நகம் தட்டினா அங்க வெறுமனே வளைச்சு மூடியிருக்காங்கன்னு அர்த்தம், புடவையோ போர்வையோ மாட்டி இழுத்தா முதல்ல திறக்கிறது அந்த இடம்தான்.

மெட்டிக்கு வந்தா என் கட்சி மாறிடுது. வாய் திறந்த மெட்டி, அழுத்தி இழுத்து அளவு மாத்திக்கலாம், ஈஸின்னு எல்லாரும் வாங்கறாங்க, நானும் ரெண்டு வருஷம் போட்டேன். அந்த திறந்த வாய் விரலுக்கு அடியில வரும், ஒவ்வொரு அடி எடுத்து வைக்கிறப்பவும் சதை அந்த இடைவெளிக்குள்ள பிதுங்கி ரெண்டு முனைக்கும் நடுவுல மாட்டும், கிள்ளற மாதிரி ஒரு வலி. முனையை உருட்டி வழவழப்பா விட்டிருந்தா பரவாயில்ல. இன்னொண்ணு, வெள்ளியை வளைக்க வளைக்க அது இறுகும், பல தடவை விரிச்சு சுருக்கினா வாய்க்கு நேர் எதிர்ல மேல்பக்கம் மயிரிழை மாதிரி விரிசல் விழும். அங்க சாக்ஸ் நூல் மாட்ட ஆரம்பிச்சா திரும்ப வளைக்காதீங்க, உடைஞ்சுடும். அளவு மாத்தியே ஆகணும்னா ரெண்டு முனையையும் விரலால பக்கவாட்டுல இழுக்காம பேனா மாதிரி ஒரு உருண்டைத் தண்டுல வச்சு அழுத்தினா வட்டம் கெடாது.

முழு வளைய மெட்டிக்கும் அதே ரெண்டு அளவுக் கணக்குதான், ஆனா தலைகீழா. விரல் அடியில ஒல்லி, நுனிப் பக்கம் சதை தடிமன், அந்தத் தடிமன்தான் மெட்டியை வெளிய விடாம பிடிக்குது. என் ரெண்டாவது விரல்ல சாயங்காலம் நின்னுட்டு அளந்தா அடியில 4.5 செ.மீ., நுனி சதையில 4.9. நடுவுல 4.7 எடுத்தேன், உள்விட்டம் 15 மி.மீ. போடறப்ப சோப்பு தடவி லேசா திருகிதான் போகும், போனப்புறம் அடியில தளர்வா சுத்தும், தானா வராது. நிக்கறப்ப விரல் தட்டையாகி அகலமாகும், உக்காந்து அளந்தா சின்னதா வந்துடும், அந்த தப்பை பண்ணாதீங்க. பட்டை மெட்டின்னா சுத்தளவுல ஒரு மி.மீ. கூட வைங்க, அகலமான பட்டை சதையை அதிக இடத்துல பிடிக்கும். ரெண்டு விரலுக்கு நடுவுல வர்ற பக்கம் மெல்லிசா இருக்கணும், இல்லனா பக்கத்து விரல்ல உராயும்.

ஆனா அடிக்கடி கால் வீங்கறவங்க, கர்ப்பமா இருக்கறவங்க வாய் திறந்ததையே போடுங்க, அதை விரிச்சு எடுத்துடலாம், முழு வளையம் மாட்டினா வெட்டத்தான் வேண்டி வரும். விரல் நுனி நிறம் மாறினாலோ மரத்துப் போனாலோ காத்திருக்காம உடனே கழட்டுங்க. வரலன்னா காலை இடுப்புக்கு மேல தூக்கி வச்சு பச்சத்தண்ணில நனைச்சு சோப்பு போட்டு திருகித் திருகி எடுங்க, நேரா இழுத்தா தோல் சுருண்டு இன்னும் மாட்டும், அப்பவும் வரலன்னா ஆஸ்பத்திரிக்கு போயிடுங்க.

இடுப்பு செயின் நான் தொடர்ந்து போட்டது நாலு மாசம்தான், அதுவும் 2 மி.மீ. மெல்லிசு, ஒட்டியாணம் மாதிரி பட்டையா போட்டு பழக்கமில்ல, அதனால இதை அந்த அளவுக்கே எடுத்துக்கோங்க. இங்க வீக்கம் பெரிய விஷயமில்ல, உக்கார்றதுதான். தொப்புளுக்கு ரெண்டு விரல் கீழ நின்னுட்டு அளந்தா எனக்கு 80, சாப்பிட்டு உக்காந்து அளந்தா 84. நிக்கற அளவுக்கு வாங்கினா உக்கார்றப்ப வயித்துல பதியும். உக்கார்ற அளவுக்கு வாங்கினா நிக்கறப்ப செயின் இறங்கும், ஆனா உடம்பு இடுப்பு எலும்பு பக்கம் அகலமாகிட்டே போறதால தன் நீளத்துக்கு ஏத்த சுத்தளவு எங்க வருதோ அங்க தானா நின்னுடும். என்னோடது நான் நினைச்ச இடத்துல இருந்து மூணு விரல் கீழ நிக்குது, அது எனக்கு ஓகே. இங்கயும் கொக்கியும் 5 செ.மீ. கூடுதல் வளையமும்தான் என் தேர்வு, ஆனா ஒரே ஒரு வித்தியாசம், கொக்கி பக்கத்துல ஒரு வளையத்தை மட்டும் பத்த வைக்காம விடச் சொன்னேன். எங்கயாவது மாட்டி இழுத்தா தோல் கிழியறதுக்கு முன்னாடி அந்த வளையம் திறந்துக்கும், ஒரு தடவை கதவு கைப்பிடில மாட்டினப்ப அப்படித்தான் திறந்துச்சு, குறடால மூடி மறுபடி போட்டுக்கிட்டேன்.